ஏற்ற வினையா, கட்டுப்பாட்டு வினையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“ஓடத் தொடங்கினான்”, “ஓட முயன்றான்” இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கின்றன? எதற்காகப் பிரிக்க வேண்டும்?

பார்க்க ஒரே மாதிரிதான். ஒரு பெயர், ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சம் ஒன்று, கடைசியில் முற்றுவினை. இனி எச்சமாக நிற்பதைக் கீழ்வினை என்றும், முற்றாக நிற்பதை மேல்வினை என்றும் சொல்கிறேன். இரண்டு வாக்கியங்களிலும் கீழ்வினை ‘ஓட’. மேல்வினைதான் வேறு.

இப்போது ‘அவன்’ என்ற பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, அவன் யாருக்கு வேலை செய்கிறான் என்று கேளுங்கள். “ஓட முயன்றான்” என்பதில் அவனுக்கு இரண்டு பங்கு இருக்கிறது. ஓடுபவனும் அவன்தான், முயல்பவனும் அவன்தான். முயற்சி என்ற ஒன்று இருந்தால் அதைச் செய்கிற ஒருவர் இருந்தே ஆக வேண்டும். “ஓடத் தொடங்கினான்” என்பதில் அவன் ஓடுபவன் மட்டுமே. தொடங்கியது ஓட்டம். தொடக்கம் என்பது அந்த நிகழ்ச்சியின் விளிம்பைக் காட்டுகிறதே தவிர, தனக்கென்று ஓர் ஆளைக் கேட்பதில்லை.

மேல்வினை தனக்கென்று ஒரு பங்காளியைக் கேட்டால் அது கட்டுப்பாட்டு வினை. கேட்காமல், கீழ்வினையின் எழுவாயையே கடன் வாங்கித் தன் எழுவாய்போலக் காட்டிக்கொண்டால் அது ஏற்ற வினை. கீழே பிறந்த பெயர் மேலே ஏறி நிற்கிறது என்பதால் ‘ஏற்றம்’. மேலே இருக்கிற பெயர், கீழ்வினையின் கண்ணுக்குத் தெரியாத எழுவாய் யார் என்பதைத் தீர்மானிக்கிறது என்பதால் ‘கட்டுப்பாடு’. வகுப்பில் ரெய்சிங், கண்ட்ரோல் என்று கேட்டிருப்பீர்கள், அவைதான் இவை.

இந்தப் பிரிவை யார் கண்டுபிடித்தார்கள்?

பீட்டர் ரோசன்பாம் 1965-இல் எம்.ஐ.டி.யில் அளித்த ஆய்வேடு, 1967-இல் நூலாக வந்தது. இன்றைய விவாதம் பெரும்பாலும் அங்கிருந்து தொடங்குகிறது. பால் போஸ்டல் 1974-இல் ஏற்றத்தைப் பற்றி மட்டுமே ஒரு பெரிய நூல் எழுதினார். சாம்ஸ்கி 1981-இல், கட்டுப்பாட்டு வாக்கியத்தின் கீழே ஒலிக்காத ஓர் எழுவாய் உண்மையிலேயே உட்கார்ந்திருக்கிறது என்ற கருத்துக்கு நிலையான வடிவம் கொடுத்தார். அந்த ஒலியில்லாத எழுவாயைத்தான் ‘ப்ரோ’ என்கிறார்கள்.

சோதனைகளில் முதலில் எதைப் போட்டுப் பார்க்கலாம்?

உயிரில்லாத ஒன்றை எழுவாயாக வையுங்கள். “கல் உருளத் தொடங்கியது” என்றால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். “கல் உருள முயன்றது” என்றால் உடனே அது குழந்தைக் கதையாகிவிடுகிறது. கல்லுக்கு மனம் இருப்பதாக நினைத்துக்கொண்டால்தான் அந்த வாக்கியத்துக்குள் நுழைய முடியும். ‘தொடங்கு’ கல்லிடம் எதையும் கேட்கவில்லை. உருளக்கூடிய பொருளா என்று ‘உருள்’ மட்டும் கேட்டது, கல் தேறிவிட்டது. ‘முயல்’ தனியாக இன்னொரு கேள்வி கேட்டது, அதில் கல் தேறவில்லை.

எளிமையானது, வேகமானது. ஆனால் இதை மட்டும் நம்பி முடிவு எழுதாதீர்கள். நாம் பேசும்போது பொருள்களுக்கு உயிர் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறோம். “கதவு திறக்க மறுக்கிறது” என்று நாளிதழில்கூட எழுதுவார்கள். அதைக் கேட்டு ‘மறு’ ஓர் ஏற்ற வினை என்று முடிவு கட்டினால் தவறு. அங்கே கதவுதான் மனிதனாக உயர்த்தப்பட்டிருக்கிறது, வினை மாறவில்லை. இந்தச் சோதனையில் தோற்ற வினையைக் கட்டுப்பாடு என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். தேறிய வினையை ஏற்றம் என்று சொல்ல இன்னொரு சான்று வேண்டும்.

பாடநூலில் வரும் ‘இட்’, ‘தேர்’ சோதனையைத் தமிழில் எப்படிச் செய்வது?

செய்ய முடியாது. ஆங்கிலத்தில் மழை பெய்கிறது என்று சொல்ல, ‘இட்’ என்ற பொருளே இல்லாத ஒரு சொல்லை எழுவாய் இடத்தில் வைப்பார்கள். பொருளில்லாத சொல் எந்தப் பங்கையும் ஏற்க முடியாது. ஆகவே அது எந்த மேல்வினையின் முன் நிற்கிறதோ அந்த வினை பங்கு கேட்காத வினை. சோதனையின் தர்க்கம் அவ்வளவுதான். தமிழில் அப்படிப்பட்ட வெற்று எழுவாய் இல்லை. மழை பெய்தால் ‘மழை’ என்பதே எழுவாய். அது இல்லாத இடத்தில் எழுவாய் இடத்தைச் சும்மா விட்டுவிடுகிறோம்.

ஆனால் அந்தத் தர்க்கத்துக்கு நம்மிடம் அதைவிட நல்ல கருவி ஒன்று இருக்கிறது. அடுத்த பதில் முழுக்க அதுதான்.

தமிழுக்கென்றே நம்பகமான சோதனை ஏதாவது உண்டா?

உண்டு. ‘எனக்கு’ சோதனை. நான் எப்போதும் முதலில் எடுப்பது இதைத்தான்.

தமிழில் பசிப்பவர், வலிப்பவர், புரிந்தவர் எல்லாம் எழுவாய் வேற்றுமையில் வருவதில்லை, நான்காம் வேற்றுமையில் வருகிறார்கள். “நான் பசிக்கிறேன்” இல்லை, “எனக்குப் பசிக்கிறது”. அந்தக் ‘கு’ உருபைக் கொடுத்தது ‘பசி’ என்ற வினை. வினைமுற்றும் ‘நான்’ என்பதோடு இயையாமல், அஃறிணை ஒருமையில் ‘-அது’ என்று நின்றுவிடுகிறது.

இப்போது அதன்மேல் ஒரு மேல்வினையை ஏற்றிப் பாருங்கள். “எனக்குப் பசிக்கத் தொடங்கியது.” இயல்பான வாக்கியம். ‘எனக்கு’ அப்படியே இருக்கிறது. ‘தொடங்கு’ என்ற வினை தன் எழுவாய்க்கு ஒருபோதும் ‘கு’ உருபு கொடுப்பதில்லை. “எனக்கு வேலை தொடங்கியது” என்றால்கூட அந்த ‘எனக்கு’ வேறு பொருளில் வருவது. ஆக, இங்கே இருக்கும் ‘கு’ பசியிடமிருந்து வந்தது. கீழே பிறந்த பெயர் தன் உருபையும் எடுத்துக்கொண்டு மேலே வந்திருக்கிறது. ஏற்றத்துக்கு இதைவிடக் கண்ணுக்குத் தெரியும் சான்று கிடைப்பது கடினம். ஐஸ்லாந்து மொழியிலும் இதே கதைதான். வழக்கத்துக்கு மாறான உருபை எழுவாய்க்குத் தரும் வினைகள் அங்கே இருக்கின்றன, ஏற்ற வினையின் கீழும் அந்த உருபு அழிவதில்லை.

அடுத்து ‘முயல்’. “எனக்குப் பசிக்க முயன்றது” என்று யாரும் சொல்ல மாட்டார்கள். “நான் பசிக்க முயன்றேன்” என்பதும் நிற்கவில்லை.

பசிக்க யாராலும் முயல முடியாது, அதனால்தானே அந்த வாக்கியம் தவறு? இதில் இலக்கணம் எங்கே வந்தது?

சரியான கேள்வி. பொருள் பொருந்தாததால் தவறா, அமைப்பு பொருந்தாததால் தவறா என்று பிரிக்காவிட்டால் சோதனைக்கு மதிப்பே இல்லை.

அதற்கு ‘விரும்பு’ உதவுகிறது. ஒருவர் தனக்குப் பசிக்க வேண்டும் என்று விரும்பலாம், அதில் பொருள் தடை எதுவும் இல்லை. நோயிலிருந்து தேறும் எவருக்கும் அந்த விருப்பம் இருக்கும். ஆனாலும் “நான் பசிக்க விரும்பினேன்” என்பது தமிழ் இல்லை. “எனக்குப் பசிக்க விரும்பியது” என்பதும் இல்லை. அதே எண்ணத்தை “எனக்குப் பசிக்க வேண்டும் என்று விரும்பினேன்” என்று முழு வாக்கியமாக உள்ளே வைத்தால் உடனே சரியாகிவிடுகிறது. எண்ணத்தில் குறை இல்லை. ‘விரும்பு’ தன் எழுவாயைத் தானே கேட்கிறது, அதற்கு ‘நான்’ என்ற வடிவம்தான் வேண்டும். கீழேயோ ‘எனக்கு’ என்ற வடிவம்தான் பொருந்தும். இரண்டும் ஒட்டவில்லை.

இன்னொரு சான்று எனக்கு மிகவும் பிடித்தது. ‘புரி’ என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். “எனக்குப் புரிந்தது”, “எனக்குப் புரியத் தொடங்கியது” இரண்டும் சரி. புரிவதற்கு முயலவும் முடியும், விரும்பவும் முடியும். ஆனால் அப்படிச் சொல்ல வரும்போது நாம் வினையையே மாற்றிவிடுகிறோம்: “புரிந்துகொள்ள முயன்றேன்”, “புரிந்துகொள்ள விரும்பினேன்”. ‘கொள்’ சேர்ந்ததும் அந்த வினை ‘நான்’ என்ற எழுவாயைப் பெறும் வினையாகிவிடுகிறது. ‘தெரி’ என்பதும் இப்படித்தான் ‘தெரிந்துகொள்’ ஆகிறது. கட்டுப்பாட்டு வினைக்குக் கீழே போவதற்காக ஒரு வினை உடை மாற்றிக்கொண்டு வருகிறது. ஏற்ற வினைக்குக் கீழே போக அந்த மாற்றம் தேவைப்படவில்லை.

“எனக்குப் போக வேண்டும்” என்பதிலும் ‘எனக்கு’ இருக்கிறதே? அப்படியானால் ‘வேண்டும்’ ஏற்ற வினையா?

இந்தச் சோதனையில் அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. ‘எனக்கு’ இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, அந்தக் ‘கு’ யார் கொடுத்தது என்று பார்க்க வேண்டும்.

‘போ’ என்ற வினை தன் எழுவாய்க்குக் ‘கு’ கொடுப்பதில்லை, “நான் போனேன்” என்றுதான் வரும். ஆகவே “எனக்குப் போக வேண்டும்” என்பதில் உருபைக் கொடுத்தது ‘வேண்டும்’. அதாவது விருப்பம் உடையவர் என்ற பங்கை அந்த வினை தனியாகக் கேட்கிறது. இது கட்டுப்பாடு.

“நான் போக வேண்டும்” என்பது வேறு. அங்கே ‘நான்’ என்ற வடிவம் ‘போ’ கேட்கும் வடிவம். “மழை பெய்ய வேண்டும்”, “எனக்குப் பசிக்க வேண்டும்” இரண்டும் இதே வார்ப்பு. கீழ்வினை எந்த வடிவத்தைக் கேட்கிறதோ அது அப்படியே வருகிறது, ‘வேண்டும்’ தலையிடவில்லை. இது கட்டாயத்தையும் தேவையையும் சொல்லும் ஏற்ற வகை. ஒரே சொல், இரண்டு வேலை. எது எந்த வேலை என்பதை உருபு காட்டிக்கொடுக்கிறது.

மரபுத்தொடர்களை வைத்துச் சோதிப்பது எப்படி?

எழுவாயே மரபுத்தொடரின் பகுதியாக இருக்கும் தொடர் ஒன்று வேண்டும். “அவருடைய சாயம் வெளுத்தது” என்றால் அவருடைய உண்மை முகம் தெரிந்துவிட்டது என்று பொருள். இதில் ‘சாயம்’ தனியாக எதையும் குறிக்கவில்லை. ‘வெளு’ என்பதோடு சேர்ந்தால்தான் அந்தப் பொருள் வருகிறது. ஆகவே ‘சாயம்’ கீழ்வினையோடு பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

“அவருடைய சாயம் வெளுக்கத் தொடங்கியது” என்று சொன்னால் மரபுப்பொருள் அப்படியே இருக்கிறது. “சாயம் வெளுக்க முயன்றது” என்றால் அந்தப் பொருள் ஓடிவிடுகிறது, துணிச்சாயத்துக்கு ஏதோ ஆசை வந்ததுபோல் ஒலிக்கிறது. “அவன் காட்டில் மழை பெய்கிறது” என்ற தொடரையும் இப்படிப் போட்டுப் பார்க்கலாம். ‘தொடங்கு’ வந்தால் அவனுடைய அதிர்ஷ்டம் நிலைக்கிறது. ‘விரும்பு’ வந்தால் வெறும் மழையும் காடும்தான் மிஞ்சுகின்றன.

இங்கே கேட்க வேண்டியது வாக்கியம் சரியா தவறா என்பதல்ல, மரபுப்பொருள் தங்கியதா என்பதுதான். அது தங்காவிட்டால், வாக்கியம் இலக்கணப்படி நின்றாலும் சோதனையில் தோல்விதான்.

செயப்பாட்டு வினையாக மாற்றிப் பார்ப்பது ஏன்?

“மருத்துவர் நோயாளியைப் பரிசோதிக்கத் தொடங்கினார்” என்பதையும் “நோயாளி மருத்துவரால் பரிசோதிக்கப்படத் தொடங்கினார்” என்பதையும் அருகருகே வையுங்கள். இரண்டாவது கொஞ்சம் எழுத்துநடைதான், ஆனால் இரண்டும் ஒரே நிகழ்ச்சியைச் சொல்கின்றன. ஒன்று உண்மையாக இருக்கும் இடத்தில் மற்றதும் உண்மை.

“மருத்துவர் நோயாளியைப் பரிசோதிக்க முயன்றார்”, “நோயாளி மருத்துவரால் பரிசோதிக்கப்பட முயன்றார்.” இப்போது ஆளே மாறிவிட்டார். முதலாவதில் முயன்றவர் மருத்துவர், நோயாளி மயங்கிக் கிடந்திருக்கலாம். இரண்டாவதில் முயன்றவர் நோயாளி, மருத்துவருக்கு அவர் வந்ததே தெரியாமல் இருக்கலாம். மேல்வினை தன் பங்கை எழுவாய் இடத்தில் நிற்பவருக்குக் கொடுக்கிறது என்பதால், நிற்பவர் மாறினால் பொருளும் மாறுகிறது.

இந்தச் சோதனைக்கு ஒரு குறை உண்டு. பேச்சுத் தமிழில் ‘படு’ சேர்ந்த வடிவம் அரிது. பலரிடம் கேட்டால், அமைப்பு எப்படி இருந்தாலும் “இப்படி யாரும் பேச மாட்டார்கள்” என்று தள்ளிவிடுவார்கள். ஆகவே எழுத்துத் தமிழில் பழகியவர்களிடம் மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

ஒரே வினை இரண்டு பக்கமும் இருக்க முடியுமா?

முடியும். டேவிட் பெர்ல்முட்டர் 1970-இல் ஆங்கிலத்தின் ‘தொடங்கு’ வினையைப் பற்றி இதைத்தான் காட்டினார். அது உண்மையில் இரண்டு வினைகள், ஒன்று ஏற்றம், ஒன்று கட்டுப்பாடு என்றார். தமிழ் ‘தொடங்கு’ வினையிலும் அந்தச் சாயல் உண்டு. “நாளைமுதல் ஓடத் தொடங்கு” என்று ஒருவருக்கு ஏவல் போடலாம். அப்போது அவரிடம் எதிர்பார்ப்பது வெறும் ஓட்டம் மட்டுமல்ல, தொடங்கும் செயலும்தான்.

ஆனால் தமிழில் இதற்கு என் கையில் இருக்கும் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ‘பார்’. அதை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம்.

“திருடன் ஓடப் பார்த்தான்” என்றால் ஓட முயன்றான். “கிளை முறியப் பார்த்தது” என்றால் கிளை எதையும் முயலவில்லை, கிட்டத்தட்ட முறிந்துவிட்டது. இதைக் கிளைக்கு உயிர் கொடுத்த பேச்சு என்று ஒதுக்கிவிடலாமா? மனிதரை எழுவாயாக வைத்தாலும் அந்தப் பொருள் வருகிறது, அதனால் முடியாது. “அவன் நேற்று மாட்டிக்கொள்ளப் பார்த்தான்” என்றால் அவன் மாட்டிக்கொள்ள முயலவில்லை, மயிரிழையில் தப்பினான்.

ஒரு காற்பந்து ஆட்டக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். “கோலுக்குப் பக்கத்தில் அவர் விழப் பார்த்தார்.” இது இரண்டு விதமாகப் புரிகிறது. தண்டனை உதை வாங்குவதற்காக நடித்து விழ முயன்றார் என்பது ஒன்று. தடுக்கி, விழாமல் சமாளித்துக்கொண்டார் என்பது இன்னொன்று. இந்த இரண்டு பொருளையும் சோதனைகள் எப்படிப் பிரிக்கின்றன என்று பாருங்கள்.

“வேண்டுமென்றே” என்ற சொல்லைச் சேர்த்தால் நடிப்பு மட்டும்தான் நிற்கிறது. “தடுக்கி” என்று சேர்த்தால் தடுமாற்றம் மட்டும்தான் நிற்கிறது. ஏவலாக்கி “விழப் பார்!” என்றால் முயற்சிப் பொருள் மட்டும்தான். மயிரிழையில் தப்பும்படி யாருக்கும் கட்டளையிட முடியாதே. மாற்றுச்சொல் போட்டாலும் பிரிகின்றன. முதல் பொருளுக்கு “விழ முயன்றார்” பொருந்துகிறது, இரண்டாவதற்கு “விழ இருந்தார்” அல்லது “விழப் போனார்” பொருந்துகிறது.

அப்புறம் மரபுத்தொடர். “அவருடைய சாயம் வெளுக்கப் பார்த்தது.” மரபுப்பொருள் தங்குகிறது, ஆனால் ‘கிட்டத்தட்ட’ என்ற வாசிப்பில் மட்டும். சாயம் முயன்றது என்ற வாசிப்புக்கு வழியே இல்லை. கடைசியாக ‘எனக்கு’. “எனக்கு அழுகை வரப் பார்த்தது”, “எனக்கு மயக்கம் வரப் பார்த்தது.” இங்கே ‘எனக்கு’, ‘மயக்கம்’ இரண்டுமே ‘வா’ என்ற வினையின் சொத்து. ‘பார்’ யாரையும் புதிதாகக் கேட்கவில்லை. மேலும் அது ‘மயக்கம்’ என்பதோடு இயைந்து ‘பார்த்தது’ என்று நிற்கிறது. இதில் நான் மயங்க முயன்றேன் என்ற வாசிப்பு துளியும் இல்லை.

ஆக, முயற்சியைச் சொல்லும் ‘பார்’ கட்டுப்பாடு, விளிம்பைச் சொல்லும் ‘பார்’ ஏற்றம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். “எனக்குப் பசிக்கப் பார்த்தது” என்று நான் சொல்ல மாட்டேன். ஏற்ற வினையாக இருந்தும் ஏன் இது நிற்கவில்லை? விளிம்புப் ‘பார்’ திடீரென்று நடந்து முடியும் நிகழ்ச்சியைக் கேட்கிறது. விழுவது, முறிவது, மாட்டிக்கொள்வது, மயக்கம் வருவது எல்லாம் அப்படிப்பட்டவை. பசி மெல்ல ஏறும் நிலை. ஏற்ற வினை எழுவாயிடம் நிபந்தனை போடுவதில்லை என்பது உண்மை, ஆனால் கீழே வரும் நிகழ்ச்சியின் தன்மையிடம் போடலாம். ஒரு சோதனை தோற்றால், தோற்றது எழுவாயாலா நிகழ்ச்சியாலா என்று பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

“வண்டி கிளம்பமாட்டேன் என்கிறது” என்பதில் வண்டி பேசுகிறதே, அது கட்டுப்பாடா?

வடிவத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். உள்ளே ‘மாட்டேன்’ என்று தன்மை விகுதி, வெளியே ‘என்கிறது’ என்று சொல்லும் வினை. “அவன் சாப்பிடமாட்டேன் என்கிறான்” என்பதில் உண்மையாகவே ஒருவன் மறுக்கிறான்.

ஆனால் பேச்சில் இது எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள். “எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது.” “இரண்டு நாளாகப் பசிக்கவே மாட்டேங்குது.” கடைசி வாக்கியத்தில் மறுப்பவர் யார்? பசிக்காதவர் ‘எனக்கு’ என்ற வடிவில்தான் வருவார், அந்த வடிவம் ‘என்’ வினையின் எழுவாயாக முடியாது. பேசுபவரும் இல்லை, மறுப்பவரும் இல்லை. ‘எவ்வளவு காத்திருந்தாலும் நடக்கவில்லை’ என்ற பொருள் மட்டும்தான் மிஞ்சுகிறது. சொல்லும் வினையாகப் பிறந்தது, நாளடைவில் தன் பங்காளியை இழந்து ஏற்றப் பக்கம் வந்துவிட்டது.

எழுத்துத் தமிழின் ‘மறு’ இவ்வளவு தூரம் வரவில்லை. “மழை பெய்ய மறுக்கிறது” என்று கவிதைநடையில் எழுதலாம். “எனக்குப் பசிக்க மறுக்கிறது” என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. முன்பு கதவு எடுத்துக்காட்டில் விட்ட கேள்விக்கும் பதில் இதுதான். உயிரற்ற எழுவாய் இரண்டு வினைகளிலும் தேறுகிறது, ‘எனக்கு’ ஒன்றில்தான் தேறுகிறது.

“அவன் அழுவதுபோல் தெரிகிறது”, “தெரிகிறான்” இரண்டும் சொல்கிறோமே, எது ஏற்றம்?

‘தெரிகிறான்’ என்பதுதான் ஏற்றத்தின் பக்கம் சாய்கிறது, அங்கே மேல்வினை ‘அவன்’ என்பதோடு இயைகிறது. ‘தெரிகிறது’ என்பதில் பெயர் கீழேயே இருக்கிறது, மேல்வினை யாரோடும் இயையாமல் நிற்கிறது. பொருளிலும் மெல்லிய வேறுபாடு கேட்கிறது. அடுத்த அறையிலிருந்து விம்மல் மட்டும் காதில் விழுந்தால் ‘தெரிகிறது’ என்பேன். ‘தெரிகிறான்’ என்று சொல்ல அவன் என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அந்த அளவுக்கு ‘தெரிகிறான்’ எழுவாயிடம் ஏதோ கேட்கிறது, ஆகவே இதைத் தூய ஏற்றம் என்று சொல்லத் தயங்குகிறேன்.

செயப்படுபொருளிலும் இந்தப் பிரிவு உண்டா?

உண்டு. “கல்லை உருள வைத்தேன்” சரி, “கல்லை உருள வற்புறுத்தினேன்” பொருந்தாது. “அவருடைய சாயத்தை வெளுக்க வைத்தார்கள்” என்றால் மரபுப்பொருள் தங்குகிறது, ‘வற்புறுத்து’ போட்டால் தங்காது. ‘வற்புறுத்து’ தனக்கென்று ஓர் ஆளைக் கேட்கிறது, ‘வை’ நிகழ்ச்சியை மட்டும் கேட்கிறது. அதே சோதனைகள், பெயர் மட்டும் ‘ஐ’ உருபோடு நிற்கிறது.

தமிழில் உண்மையிலேயே ஏதாவது ‘ஏறுகிறதா’? சொல்வரிசை மாறவில்லையே.

சொல்வரிசையை வைத்து இங்கே எதையும் நிறுவ முடியாது. வினை கடைசியில் வரும் மொழி என்பதால் பெயர் கீழே இருந்தாலும் மேலே இருந்தாலும் ஒரே இடத்தில்தான் ஒலிக்கும். ‘தொடங்கு’ போன்ற வினைகள் எச்சத்தோடு இணைந்து ஒரே வினைத்தொகுதியாகிவிடுகின்றன, இரண்டு வாக்கியங்களே இல்லை, ஆகவே ஏற்றமும் இல்லை என்று வாதிட இடம் உண்டு. அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டாலும் மேலே சொன்ன சோதனைகள் விழுவதில்லை. அவை அளப்பது இடப்பெயர்வை அல்ல, மேல்வினை பங்கு கேட்கிறதா என்பதை.

கட்டுப்பாட்டின் பக்கமும் விவாதம் முடியவில்லை. நோர்பர்ட் ஹோர்ன்ஸ்டைன் 1999-இல், கட்டுப்பாடும் ஒருவகை ஏற்றம்தான், பெயர் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு மேலே போய் இன்னொரு பங்கையும் வாங்குகிறது என்றார். இடான் லாண்டாவ் அதை விடாமல் எதிர்த்து வருகிறார். 2002-இல் மரியா பொலின்ஸ்கியும் எரிக் பாட்ஸ்டமும் காக்கேசிய மொழியான த்செஸ் மொழியிலிருந்து ஒரு தலைகீழ் நிலையைக் காட்டினார்கள். அங்கே ஒலிக்கும் பெயர் கீழ்வாக்கியத்தில் இருக்கிறது, ஒலிக்காதது மேலே இருக்கிறது. கட்டுப்பாடு என்றால் மேலே பெயர், கீழே ‘ப்ரோ’ என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

மற்றவர்களிடம் கேட்டுச் சோதிக்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

“இந்த வாக்கியம் சரியா?” என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். கேட்கப்படுபவர் உங்களுக்கு உதவ நினைப்பார், கல்லுக்கும் கதவுக்கும் மனதுக்குள் ஒரு கதை கட்டிக்கொண்டு “சொல்லலாம்” என்பார். நான் ஆரம்பத்தில் ஒரு நாள் முழுக்க இப்படிக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். உட்கார்ந்து பார்த்தால் அத்தனை வினையும் ஏற்றமாக இருந்தன, ‘முயல்’ உட்பட. குறிப்புகளை ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

இப்போது சூழலைச் சொல்லிவிட்டுக் கேட்கிறேன். ஆட்டக்காரர் நடித்தார் என்று ஒருமுறை, தடுக்கினார் என்று ஒருமுறை. இரண்டு சூழலிலும் “விழப் பார்த்தார்” பொருந்துகிறதா, “விழ முயன்றார்” பொருந்துகிறதா என்று தனித்தனியாகக் கேட்டால், இலக்கணம் படிக்காதவர்களும் தயங்காமல் பதில் சொல்கிறார்கள். முயற்சி இல்லாத இடத்தில் ‘முயன்றார்’ என்றதும் “அவர் எங்கே முயன்றார், தடுக்கியது” என்று அவர்களே திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.